வங்கிக்குப் போகும் முன் பத்திரத்தைப் படியுங்கள்: முதல் வீட்டுக்கடன் ஆவணங்களை நாமே சரிபார்க்கும் முழுமையான வழிகாட்டி

வேலூரில் ஒரு வங்கிக் கிளையின் கடன் பிரிவில் பல ஆண்டுகள் இருந்தவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன். வீட்டுக்கடன் கேட்டு வருபவர்களில் பெரும்பாலானோர் சம்பளச் சான்றையும் ஆதாரையும் பத்திரமாக அடுக்கிக்கொண்டு வருவார்கள். வாங்கப்போகும் வீட்டின் பத்திரங்களை மட்டும் விற்பவர் கொடுத்த பையிலேயே, பிரித்துப் பார்க்காமல் மேசைமேல் வைப்பார்கள். கோப்பு நின்றுபோவது பெரும்பாலும் அந்தப் பையில்தான். வருமான ஆவணத்தில் ஒன்று குறைந்தால் மறுநாள் கொண்டுவந்து கொடுத்துவிடலாம். முப்பது ஆண்டுப் பத்திரத் தொடரில் ஒரு கண்ணி விட்டுப்போயிருந்தால், அதற்குள் கொடுத்த முன்பணம் கைக்குத் திரும்புமா என்பதே கேள்வியாகிவிடும். ஆகவே இந்த வழிகாட்டியில் வருமானப் பகுதியைச் சுருக்கமாகவும், சொத்துப் பகுதியை விரிவாகவும் சொல்கிறேன். எடுத்துக்காட்டாக, என் அண்ணன் மகன் காட்பாடிப் பக்கம் வாங்கிய ஒரு வீட்டின் கோப்பைத் தொடக்கத்திலிருந்து பார்ப்போம். சர்வே எண்ணை மட்டும் மாற்றியிருக்கிறேன்.

முதலில் கணக்கு: எவ்வளவு பணம் கையில் வேண்டும்

அவன் ஒரு மருத்துவமனையின் பரிசோதனைக்கூடத்தில் வேலை செய்கிறான். மனைவி தோல் காலணி நிறுவனம் ஒன்றில் மேற்பார்வையாளர். பேசிய விலை 42 லட்சம் ரூபாய். ரிசர்வ் வங்கியின் விதிப்படி, 30 லட்சம் வரையிலான கடனுக்குச் சொத்து மதிப்பில் 90 சதவீதமும், 30 லட்சத்துக்கு மேல் 75 லட்சம் வரை 80 சதவீதமும், அதற்கு மேல் 75 சதவீதமும்தான் உச்சவரம்பு. எனவே இங்கே அதிகபட்சக் கடன் 33 லட்சத்து 60 ஆயிரம். இந்த அளவுள்ள சொத்துக்கு முத்திரைத்தீர்வையும் பதிவுக்கட்டணமும் சொத்து மதிப்பில் சேராது. 7 சதவீதமும் 2 சதவீதமும் சேர்த்து 9 சதவீதம் என்றால் 3 லட்சத்து 78 ஆயிரம். அதைக் கைப்பணத்திலிருந்துதான் கட்ட வேண்டும். கூட்டிப் பார்த்தால் சொந்தப் பணம் 12 லட்சத்து 18 ஆயிரம் தேவை.

இதோடு ஒரு எச்சரிக்கையும் உண்டு. வங்கி தன் மதிப்பீட்டாளரை அனுப்பும். அவர் சொல்லும் மதிப்பு, பேசிய விலை ஆகிய இரண்டில் எது குறைவோ அதைத்தான் எடுத்துக்கொள்ளும். மதிப்பீடு 39 லட்சம் என்று வந்தால் கடன் 31 லட்சத்து 20 ஆயிரமாகக் குறையும்; 2 லட்சத்து 40 ஆயிரத்துக்கு வேறு வழி தேட வேண்டும். இந்தத் தொகைக்கு இடம் வைக்காமல் முன்பணம் கொடுக்கக் கூடாது.

வருமானக் கட்டு

சம்பளக்காரருக்குப் பொதுவாகக் கேட்பவை இவை: ஆதார், பான், கடைசி மூன்று மாதச் சம்பளச் சீட்டு, இரண்டு ஆண்டுப் படிவம் 16, ஆறு மாதம் அல்லது ஓராண்டு வங்கிக் கணக்கு விவரம், பணி அடையாள அட்டை, புகைப்படம். இணைக் கடன்தாரருக்கும் இதே பட்டியல்தான். இவற்றைச் சேகரிப்பது எளிது. ஒன்றோடொன்று ஒத்துப்போகிறதா என்று பார்ப்பதுதான் நம் வேலை.

சம்பளச் சீட்டில் உள்ள நிகரத் தொகையும் அந்த மாதம் வங்கிக் கணக்கில் வரவான தொகையும் ரூபாய் குறையாமல் ஒன்றாக இருக்க வேண்டும். அண்ணன் மகனின் சீட்டில் 4,200 ரூபாய் ஒரு பிடித்தம் இருந்தது. கேட்டால், "அது சங்கத்துல பிடிக்கிறது சித்தப்பா, கடன்லாம் ஒண்ணும் இல்ல" என்றான். பணியாளர் கூட்டுறவுச் சங்கத்தில் வாங்கிய கடனின் தவணைதான் அது. விண்ணப்பத்தில் "வேறு கடன் இல்லை" என்று எழுதிவிட்டுச் சம்பளச் சீட்டில் தவணை தெரிந்தால், தொகை சிறியதாக இருந்தாலும் சொன்ன சொல்லின்மேல் சந்தேகம் விழுந்துவிடும்.

கணவன் மனைவி இருவருடைய கடன் வரலாற்று அறிக்கையையும் முன்கூட்டியே எடுத்துப் பாருங்கள். ஒவ்வொரு கடன் தகவல் நிறுவனமும் ஆண்டுக்கு ஒருமுறை முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும். நம் பக்கத்தில் பெண்கள் மகளிர் குழு வழியாகவோ சிறுகடன் நிறுவனத்திலோ வாங்கிய கடன்கள் அதில் அடிக்கடி தலைகாட்டும். கட்டி முடித்ததாக நினைத்த கடன் முடிக்கப்படாததாகக் காட்டினால், அந்த நிறுவனத்திடம் கடன் தீர்ந்த சான்று வாங்கித் திருத்தச் சில வாரம் ஆகும். நண்பருக்குப் போட்ட ஜாமீன் கையெழுத்தும் அதே அறிக்கையில் இருக்கும். அவர் தவணை தவறியிருந்தால் அதன் பாதிப்பு நமக்கும் வரும்.

பெயரும் ஒரே மாதிரி இருக்க வேண்டும். ஆதாரில் தலைப்பெழுத்து மட்டும், பானில் அப்பா பெயர் விரிவாக என்று இருந்தால், விண்ணப்பத்துக்கு முன்பே ஒன்றைத் திருத்திவிடுவது நல்லது. உறுதிமொழிப் பத்திரம் எழுதிச் சமாளிப்பது இரண்டாம் வழி.

சொத்துக் கட்டு: எவற்றை விற்பவரிடம் கேட்டு வாங்குவது

விற்பவருடைய கிரையப் பத்திரம், அதற்கு முந்தைய தாய்ப்பத்திரங்கள் அனைத்தும், பட்டா, புல வரைபடம், முப்பது ஆண்டுக்கான வில்லங்கச் சான்று, வீட்டு வரி ரசீது, மின் கட்டண ரசீது, கட்டட வரைபட அனுமதி, மனை அனுமதி, இடையில் யாராவது இறந்திருந்தால் இறப்புச் சான்றும் வாரிசுச் சான்றும், பழைய கடன் இருந்திருந்தால் அது முடிந்ததற்கான ஆவணம். நகல் போதும், ஆனால் நகலைப் படித்த பிறகு மூலத்தை ஒருமுறை கண்ணால் பார்த்து, ஒவ்வொரு பக்கத்திலும் பதிவு அலுவலக முத்திரையும் ஆவண எண்ணும் இருக்கின்றனவா என்று சரிபார்க்க வேண்டும். மூலம் தொலைந்துவிட்டது என்று விற்பவர் சொன்னால் அங்கேயே நிறுத்துங்கள். காவல்துறையின் சான்று, பத்திரிகை விளம்பரம், சார்பதிவகத்தின் சான்றிட்ட நகல் என்று ஒரு தனிப் பயணமே அதற்குத் தேவைப்படும். சில வங்கிகள் அதன் பிறகும் ஏற்பதில்லை.

எங்கள் பையில் இருந்தவை நான்கு ஆவணங்கள். 1988-இல் ஒருவர் சர்வே எண் 112/3-இல் 10 சென்ட் வாங்கிய கிரையப் பத்திரம். 2009-இல் அவருடைய மகன்கள் இருவரும் ஆளுக்கு 5 சென்ட் என்று எழுதிக்கொண்ட பாகப்பிரிவினை. 2013-இல் இளைய மகன் தன் பங்கிலிருந்து 1,200 சதுர அடியை இப்போது விற்பவருக்குக் கொடுத்த கிரையம். 2015-இல் விற்பவர் வீடு கட்ட ஒரு வங்கியில் கடன் வாங்கியதற்கான உரிமைப்பத்திர ஒப்படைப்பு ஆவணம், அதாவது எம்.ஓ.டி.

நோட்டில் ஒரு சங்கிலி வரையுங்கள்

ஒரு பக்கத்தில் ஐந்து பத்தி கோடு போடுங்கள்: ஆவண எண்ணும் ஆண்டும், யார் கொடுத்தார், யார் வாங்கினார், எந்த சர்வே எண்ணில் எவ்வளவு நிலம், நான்கு எல்லை. மிகப் பழைய பத்திரத்தில் தொடங்கி வரிசையாக எழுதுங்கள். விதி ஒன்றுதான்: முந்தைய வரியில் வாங்கியவரே அடுத்த வரியில் கொடுப்பவராக இருக்க வேண்டும், இல்லையென்றால் இரண்டுக்கும் நடுவில் ஒரு சான்று இருக்க வேண்டும்.

எங்கள் சங்கிலியில் முதல் வரியிலிருந்து இரண்டாம் வரிக்குப் போகும்போதே இடறியது. 1988-இல் வாங்கியவர் 2003-இல் உயில் எழுதாமல் இறந்திருக்கிறார். வாரிசுச் சான்றில் மனைவி, இரண்டு மகன்கள், ஒரு மகள் என நான்கு பேர். 2009 பாகப்பிரிவினையில் கையெழுத்துப் போட்டவர்கள் மகன்கள் இருவர் மட்டும். அவர் தம் பணத்தில் வாங்கிய சொத்து என்பதால், இந்து வாரிசுரிமைச் சட்டப்படி நால்வருக்கும் காற்பங்கு வீதம் உரிமை உண்டு. மனைவி 2018-இல் உயிலின்றிக் காலமானார். அவருடைய காற்பங்கு மூன்று பிள்ளைகளுக்கும் சமமாகப் பிரியும். ஆக, கையெழுத்தே போடாத மகளின் பங்கு இன்று மூன்றில் ஒன்று. கல்யாணத்தில் சீர் செய்து அனுப்பிவிட்டோம், அவளுக்குப் பங்கில்லை என்று அந்தக் குடும்பம் நினைத்திருக்கலாம். சீர் கொடுத்ததால் பங்கு போய்விடுவதில்லை.

இந்த இடத்தில் இன்னொன்றும் பார்க்க வேண்டும்: இறந்தவருடைய தாயார் அப்போது உயிரோடு இருந்தாரா? இந்து ஆண் உயிலின்றி இறந்தால் தாயும் முதல் வகுப்பு வாரிசு. இந்த ஒரு பெயர் விட்டுப்போன வாரிசுச் சான்றுகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். எங்கள் கோப்பில் தாயார் முன்பே இறந்திருந்தார். அவருடைய இறப்புச் சான்றையும் வாங்கிச் சேர்த்தோம்.

வில்லங்கச் சான்று: எந்த எண்ணைப் போட்டுத் தேடுவது

விற்பவர் கொடுத்த வில்லங்கச் சான்றில் ஒரே ஒரு பதிவு, 2015 ஒப்படைப்பு ஆவணம் மட்டும் இருந்தது. "பாருங்க, எவ்வளவு சுத்தமா இருக்கு" என்று தரகர் சொன்னார். தேடிய எண்தான் அதற்குக் காரணம். 1988-இல் நிலம் 112/3. பாகப்பிரிவினைக்குப் பிறகு 112/3பி. 2013 கிரையத்துக்குப் பட்டா மாறும்போது உட்பிரிவாகி 112/3பி2. கடைசி எண்ணை மட்டும் போட்டுத் தேடினால், அந்த எண் பிறப்பதற்கு முன் எழுதப்பட்ட எந்த ஆவணமும் திரையில் வராது. எனவே tnreginet.gov.in தளத்தில் மூன்று எண்களுக்கும் தனித்தனியாகத் தேட வேண்டும். தாய்ப்பத்திரத்தின் தேதிக்கு ஓராண்டு முன்னிருந்து நேற்று வரை காலத்தைக் கொடுக்க வேண்டும். இணையத்தில் எட்டாத பழைய ஆண்டுகளுக்குச் சார்பதிவாளர் அலுவலகத்தில் மனுப் போட்டுக் கையெழுத்துச் சான்று வாங்கலாம். கிராமம் ஒரு சார்பதிவகத்திலிருந்து இன்னொன்றுக்கு மாறியிருந்தால், இரண்டு அலுவலகங்களிலும் அவரவர் காலத்துக்கு எடுக்க வேண்டும்.

அப்படித் தேடியதில் 1988, 2009, 2013 ஆவணங்கள் மூன்றும் வந்தன. கூடவே எங்களுக்குத் தெரியாத பதிவு ஏதும் இல்லை என்பதும் உறுதியானது. வந்திருக்க வேண்டிய ஒன்று மட்டும் வரவில்லை. 2015 கடன் 2022-இல் கட்டி முடிக்கப்பட்டது. வங்கி கொடுத்த கடன் தீர்ந்த கடிதம் விற்பவர் கையில் இருந்தது. ஆனால் அந்த அடமானத்தை ரத்து செய்யும் ரசீது ஆவணம் சார்பதிவகத்தில் பதியப்படவே இல்லை. கடிதம் இருந்தாலும் வில்லங்கத்தில் சொத்து இன்னும் அடமானத்தில்தான் இருக்கிறது. புது வங்கி பணம் கொடுக்காது. நல்ல வேளையாக இதைச் சரிசெய்வது எளிது: பழைய வங்கியிலிருந்து ஓர் அலுவலர் வந்து ரசீது ஆவணத்தைப் பதிந்து கொடுக்க வேண்டும். அந்தத் தேதியை வாங்கத்தான் விற்பவர் நான்கு முறை நடந்தார்.

வில்லங்கச் சான்று எல்லாவற்றையும் சொல்லும் என்று நம்பிவிடக் கூடாது. பதிவாகாத உடன்படிக்கையும், பதிவான உயிலும்கூட அதில் வருவதில்லை.

பழைய பத்திரத்தில் ஊர் வேறு பெயரில் இருக்கும்

1988 பத்திரத்தில் "வடஆற்காடு மாவட்டம்" என்று இருக்கிறது. 2009-இல் "வேலூர் மாவட்டம்". படிக்கிறவர் வெளியூர் வழக்கறிஞராக இருந்தால் இது வேறு நிலமோ என்று ஒரு கேள்வி எழுப்புவார். வடஆற்காடு 1989-இல் இரண்டாகப் பிரிந்து, நம் பக்கம் சில காலம் வடஆற்காடு அம்பேத்கர் மாவட்டமாக இருந்து, பின்னர் வேலூர் ஆனது. 2019-இல் இராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்டங்கள் பிரிந்தன. ஆற்காடு, வாலாஜா, ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கம் வாங்குபவர்கள், 2013 பத்திரத்தில் வேலூர் மாவட்டம் என்றும் தங்கள் புதுப் பத்திரத்தில் வேறு மாவட்டம் என்றும் இருப்பதைப் பார்த்து அஞ்ச வேண்டியதில்லை. ஆனால் தாலுகாவின் பெயரும் மாறியிருக்கக்கூடும். கிராமம், சர்வே எண், நான்கு எல்லை மூன்றும் ஒன்றுதான் என்பதை நோட்டில் குறித்து, அந்த ஒரு பக்கத்தைக் கோப்பின் மேலேயே வையுங்கள். சட்டக் கருத்து எழுதும் வழக்கறிஞருக்கு அது பாதி வேலையைக் குறைக்கும்.

வேலூர் மாநகராட்சி எல்லைக்குள் இன்னொரு சிக்கல் உண்டு. அங்கே பல இடங்களில் பழைய சர்வே எண்ணுக்குப் பதிலாக வார்டு, பிளாக், நகர அளவை எண் என்று பதிவேடு மாறியிருக்கும். பத்திரத்தில் ஓர் எண், நகர நில அளவைப் பதிவேட்டில் வேறோர் எண் என்று இருந்தால், இரண்டும் ஒரே இடம் என்று காட்டும் ஒப்பீட்டுச் சான்றை முன்பே கேட்டு வாங்க வேண்டும்.

பட்டாவில் ஏர், பத்திரத்தில் சதுர அடி

பட்டாவையும் புல வரைபடத்தையும் eservices.tn.gov.in தளத்தில் நாமே எடுக்கலாம். பெயர் விற்பவருடையதா, தனிப் பட்டாவா கூட்டுப் பட்டாவா என்று பார்த்த பிறகு பரப்பைக் கணக்கிடுங்கள். ஒரு ஏர் என்பது 100 சதுர மீட்டர், அதாவது சுமார் 1,076 சதுர அடி. ஒரு சென்ட் 435.6 சதுர அடி. 1,200 சதுர அடி என்றால் பட்டாவில் ஏறத்தாழ 1.11 ஏர் இருக்க வேண்டும்.

எங்கள் பட்டாவில் 1.05 ஏர்தான் இருந்தது, அதாவது 1,130 சதுர அடி. 70 சதுர அடி குறைவு. டேப் பிடித்து அளந்தபோது காரணம் தெரிந்தது: முன்னால் உள்ள சந்துக்காக ஒரு பட்டை விடப்பட்டு, உட்பிரிவு அளவையின்போது அது பட்டாவில் சேராமல் போயிருக்கிறது. மதிப்பீட்டாளர் எப்போதும் குறைந்த அளவையே எடுப்பார். எனவே விலையை 1,130 சதுர அடிக்கே பேசி 41 லட்சமாக்கினோம். கடனின் உச்சவரம்பும் 32 லட்சத்து 80 ஆயிரமாக இறங்கியது.

மனை அனுமதி

2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அனுமதியற்ற மனைகளைப் பதியத் தடை விதித்தது. 2017-இல் அரசு வரன்முறைத் திட்டம் கொண்டுவந்தது. 2016 அக்டோபர் 20-க்கு முன் வீட்டுமனையாகவே பதிவான இடத்தை மறுபடி பதியலாம் என்பதால், "பதிவாகிறதே, பிறகென்ன" என்று சிலர் கேட்பார்கள். பதிவாவது வேறு, வங்கி கடன் கொடுப்பது வேறு. பல வங்கிகள் வரன்முறை ஆணையைக் கேட்கும். வீடு கட்டியிருந்தால் வரைபட அனுமதியும், கட்டியது அதன்படிதானா என்பதும் சேரும். விற்பவர் வரன்முறைக் கட்டணம் கட்டி ஆணை வாங்கியிருந்தார். அதன் சர்வே எண்ணும் பரப்பும் பட்டாவோடு ஒத்துப்போவதை மட்டும் பார்த்தோம்.

முன்பணத்துக்கு முன், கிளைக்குப் போகும் முன்

இத்தனையும் முடிந்தபின்தான் கிரைய உடன்படிக்கை எழுதினோம். வங்கியின் சட்டக் கருத்து பாதகமாக வந்தால் முன்பணம் முழுவதும் குறிப்பிட்ட நாளுக்குள் திருப்பித் தரப்படும் என்று ஒரு வரி அதில் இருக்க வேண்டும். பத்திர எழுத்தர் தாமாகச் சேர்க்க மாட்டார், நாம் சொல்ல வேண்டும்.

விட்டுப்போன மகளின் கையெழுத்துக்கு என்ன ஆவணம் எழுதுவது என்பதைத் தரகரிடம் கேட்காமல் வழக்கறிஞரிடம் கேட்டோம். சொத்து ஏற்கெனவே வெளியாருக்குக் கைமாறிவிட்டதால், உடன்பங்காளிகளுக்குள் எழுதும் விடுதலைப் பத்திரம் அப்படியே பொருந்தாது என்றார். 2009 பாகப்பிரிவினையையும் 2013 கிரையத்தையும் ஏற்று உறுதி செய்து, மகள் தமக்குத் தந்தை வழியாகவும் தாய் வழியாகவும் வந்த உரிமையை இப்போதைய உரிமையாளருக்கு விட்டுத்தரும் ஓர் ஆவணத்தை வரைந்தார். தாயின் பங்கில் உரிமை வந்ததால் மூத்த மகனும் அதில் கையெழுத்திட்டார். குடியாத்தத்தில் இருந்த அந்த மகளுக்கு ஒரு தொகை கொடுக்க வேண்டியிருந்தது. அதை விற்பவர் ஏற்றுக்கொண்டார்.

கோப்பை மூன்று கட்டாகப் பிரித்தோம்: ஆள், வருமானம், சொத்து. ஒவ்வொரு நகலிலும் கையெழுத்து, பக்க எண், முன்னால் ஒரு பட்டியல். மூலப் பத்திரங்களை முதல் நாள் காட்டியதோடு சரி. கடன் அனுமதிக் கடிதம் வந்த பிறகே, ஒப்புகைச் சீட்டு பெற்றுக்கொண்டு ஒப்படைத்தோம். வில்லங்கச் சான்றை மட்டும் கிளைக்குப் போகும் நாளன்று காலையில் மறுபடி எடுத்தோம். ரசீது ஆவணமும் உறுதி ஆவணமும் அதில் ஏறியிருந்தன.